ரசீது எண்ணில் ஆண்டும் தொடர் எண்ணும்: பொருளாளரின் கடிதம்

"ஐயா, போன ஐப்பசியில் அன்னாபிஷேகத்துக்குக் கொடுத்தபோது ரசீது எண் 1862 என்று இருந்தது. இந்தச் சித்ரா பௌர்ணமிக்குக் கொடுத்ததற்கு 2025-26-00412 என்று வந்திருக்கிறது. எண் ஏறாமல் இறங்கியிருக்கிறதே? பழைய கணக்கை மூடிவிட்டீர்களா? என் பழைய ரசீது இனி செல்லுமா?"

அன்புள்ள உபயதாரர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பழைய ரசீது செல்லும். 1862 என்ற எண்ணில் நீங்கள் கொடுத்த தொகை 2024-25 கணக்கில், அதே எண்ணோடு, அப்படியே இருக்கிறது. பழைய அடிக்கட்டைகள் எல்லாம் அலுவலக அலமாரியில் பத்திரமாக உள்ளன. புதிய எண் இறங்கியதுபோலத் தெரிவதற்குக் காரணம், 2025 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நிதியாண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதுதான். உங்கள் ரசீதில் முதலில் இருக்கும் 2025-26 ஆண்டைக் குறிக்கிறது. கடைசியில் இருக்கும் 00412, அந்த ஆண்டில் அலுவலகத்தில் போட்ட நானூற்றுப் பன்னிரண்டாவது ரசீது உங்களுடையது என்று சொல்கிறது. அந்த எண்ணில் வேறு எந்த விவரமும் ஒளிந்திருக்கவில்லை.

இதே கேள்வியை இன்னும் பலர் நேரில் கேட்டார்கள். அதனால் மாற்றியதன் காரணத்தையும், இந்த எண்ணை வைத்து நீங்களே எதைச் சரிபார்க்கலாம் என்பதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், எங்கள் தவறைச் சொல்லிவிட வேண்டும். பழைய ரசீது புத்தகங்களை நூறு தாள் வீதம் இருபது புத்தகங்களாக, 1 முதல் 2000 வரை எண் போட்டு அச்சடித்திருந்தோம். சென்ற கார்த்திகையில் அவை தீரும் நிலைக்கு வந்ததும் மேலும் இருபது புத்தகங்கள் கேட்டோம். எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அச்சகத்தில் பழைய மாதிரியை வைத்து மறுபடியும் 1 முதல் 2000 வரையே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கட்டைப் பிரித்தபோது நாங்களும் கவனிக்கவில்லை. மார்கழியிலிருந்து அந்தப் புத்தகங்களில் எழுத ஆரம்பித்தோம். அன்று முதல் ஒரே நிதியாண்டில், ஒரே எண்ணில், இரண்டு ரசீதுகள் உருவாகத் தொடங்கின.

இது வெளியே தெரிந்தது ஒரு காசோலை திரும்பி வந்தபோதுதான். மாசியில் சிவராத்திரியை ஒட்டி ஒரு அன்பர் திருப்பணிக்கு 10,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கி அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. ரொக்கப் புத்தகத்தில் அந்த வரவுக்கு எதிரே "ரசீது எண் 647" என்று மட்டும் எழுதியிருந்தோம். அலுவலகத்தில் இருந்தவர் அலமாரியைத் திறந்து 647 உள்ள புத்தகத்தை எடுத்தார். கைக்குக் கிடைத்தது முதல் கட்டின் புத்தகம். அதில் 647 என்பது வைகாசியில் 1,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்த வேறொருவருடைய ரசீது. அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்கள் காசோலை திரும்பிவிட்டது" என்று சொல்லியும் ஆயிற்று. காசோலையே கொடுக்காத மனிதர் அவர். ரொக்கமாகக் கொடுத்த பணம் கணக்கில் ஏறவில்லையோ என்று பதறி, மறுநாள் காலையிலேயே ரசீதோடு கோயிலுக்கு வந்துவிட்டார். அவரிடம் இரண்டு அடிக்கட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரு பொருளாளராக எனக்கு அது மிகுந்த வருத்தமான காலை.

அன்று அவர் கேட்ட ஒரு கேள்விதான் இந்த மாற்றத்துக்கு வித்திட்டது. "ஒரே எண் இரண்டு பேருக்கு இருக்கும்போது, ஒரு எண் யாருக்குமே இல்லாமலும் போயிருக்கலாம் அல்லவா?" என்றார். எண் இரட்டிப்பதைவிட எண் விட்டுப்போவதுதான் கோயில் கணக்கில் பெரிய ஆபத்து. இரட்டித்தால் குழப்பம் வரும், ஆனால் இரண்டு தொகையும் புத்தகத்தில் இருக்கும். ஒரு எண் விட்டுப்போனால், அந்தத் தாளை யாராவது கிழித்துப் பணம் வாங்கிக்கொண்டாரா, தாள் அச்சிலேயே இல்லையா, ஈரம் பட்டுக் கிழிந்ததா என்று சொல்லவே முடியாது. ஒரே நேரத்தில் மூன்று புத்தகங்கள் திறந்திருந்த பழைய முறையில், அப்படி ஒன்று விட்டுப்போயிருந்தாலும் அன்றன்றைக்குத் தெரிந்திருக்காது. அலுவலகத்தில் ஒரு புத்தகம், அன்னதானக் கூடத்தில் ஒன்று, வீடு வீடாக வசூலுக்குப் போனவர் பையில் ஒன்று. ஒரே நாளில் 310, 745, 1120 என்று மூன்று இடத்தில் எண்கள் ஓடும். எல்லாப் புத்தகங்களும் முடிந்து கைக்கு வந்த பிறகுதான் முழு வரிசையைப் பார்க்க முடியும். அதற்குள் பல மாதங்கள் ஓடியிருக்கும்.

புதிய முறையில் ஒரு நாள் எப்படி முடிகிறது என்று பாருங்கள். நீங்கள் உபயம் கொடுத்த மே 12, சித்ரா பௌர்ணமி நாளையே எடுத்துக்கொள்கிறேன். அன்று காலை முதல் ரசீது 00388. இரவு நடை சாத்தியபின் கடைசி ரசீது 00531. கடைசியிலிருந்து முதலைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் 144 ரசீதுகள். அந்த ஒன்றைக் கூட்ட மறப்பவர்கள் நிறைய பேர். 388-ஆம் ரசீதும் அன்று போட்டதுதானே, அதையும் எண்ண வேண்டும். அதாவது பணத்தை எண்ணும் முன்பே, நகல்கள் 144 இருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

அன்று நகல்களை எண்ணினால் 143 தான் இருந்தன. அவற்றில் மூன்று ரத்தானவை. மீதி 140 நகல்களின் தொகையைக் கூட்டினோம், 1,48,149 ரூபாய். கையில் இருந்த ரொக்கம் 97,150, யூபிஐ வழி வந்தது 46,500, ஒரு காசோலை 5,000. மொத்தம் 1,48,650. அதாவது பணம் 501 ரூபாய் கூடுதலாக இருந்தது.

பணம் குறைந்தால் எல்லோரும் தேடுவார்கள். கூடினால் யாரும் தேடுவதில்லை. "சாமிக்கு வந்ததுதானே, உண்டியலில் போட்டுவிடலாம்" என்று முன்பு சொல்லியிருப்போம், அப்படிச் செய்தும் இருக்கிறோம். அது தவறு. அந்த 501 ரூபாய் யாரோ ஒருவர் தம் பெயரில், ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காகக் கொடுத்தது. உண்டியலில் போட்டால் அவர் பெயர் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அன்று நகல்களை எண் வாரியாக அடுக்கினோம். 00466-க்குப் பிறகு 00468 இருந்தது. 00467 இல்லை. குருக்களிடம் கேட்டதும் அபிஷேகத்துக்கு வந்த சங்கல்பப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். கோத்திரமும் நட்சத்திரமும் எழுதியிருந்ததால் அந்த நகலை யாரோ பட்டியலோடு சேர்த்து அவரிடம் கொடுத்திருந்தார்கள். தொகை 501. கணக்கு நேரானது. தேடியது மொத்தம் கால் மணி நேரம்கூட இருக்காது. எந்த எண் இல்லை என்று தெரிந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது.

இனி ஆண்டு பற்றி. எண்ணோடு ஆண்டைச் சேர்ப்பது என்று முடிவானதும், எந்த ஆண்டு என்பதில் குழுக் கூட்டத்தில் நெடுநேரம் பேசினோம். கோயில் என்றால் சித்திரை ஒன்றில் தொடங்குவதுதான் முறை என்றார்கள் பெரியவர்கள் சிலர். விசுவாவசு ஆண்டு ஏப்ரல் 14 அன்று பிறந்தது, அந்தப் பெயரே ரசீதில் வரட்டும் என்பது அவர்கள் விருப்பம். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அறுபது ஆண்டுப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கினால் காலவரிசை வராது. அடுத்த ஆண்டின் பராபவ, இந்த ஆண்டின் விசுவாவசுவுக்கு முன்னால் போய் நின்றுவிடும். இன்னொருவர் பசலி ஆண்டு சொன்னார். அறநிலையத் துறைக் கோயில்களில் கணக்கும் தணிக்கையும் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான பசலி ஆண்டில்தான் நடக்கின்றன. 2025 ஜூன் 30 வரை பசலி 1434, ஜூலை 1 முதல் பசலி 1435. நம் கோயில் அந்தத் துறையின் நிர்வாகத்தில் இருந்திருந்தால் பசலிதான் சரியான தேர்வு. நம்முடையது சமூகத்தார் அறக்கட்டளை. ஆடிட்டரிடம் கொடுக்கும் வரவு செலவும் வருமான வரிக் கணக்கும் ஏப்ரல் முதல் மார்ச் வரைக்குத்தான். ரசீது ஒரு ஆண்டிலும் கணக்கு வேறு ஆண்டிலும் ஓடினால், ஒவ்வொரு முறையும் ரசீது வரிசையை நடுவில் வெட்டி இரண்டு ஆண்டுக் கணக்குக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்படி வெட்டும் இடத்தில்தான் தாள்கள் காணாமல் போகும். அதனால் நிதியாண்டையே எடுத்துக்கொண்டோம். தமிழ் ஆண்டின் பெயரும் மாதமும் ரசீதின் தலைப்பில் தேதிக்குப் பக்கத்தில் அச்சாகின்றன. எண்ணுக்குள் மட்டும் அது வராது.

ஆண்டை 2025 என்று மட்டும் போடாமல் 2025-26 என்று முழுதாகப் போடுவதற்கும் காரணம் உண்டு. வெறும் 2025 என்றால், 2026 பிப்ரவரியில் ரசீது வாங்குபவர் ஆண்டு தவறாக இருக்கிறது என்றே நினைப்பார்.

ஐந்து இலக்கம் எதற்கு, 412 என்று போட்டால் போதாதா என்று நம் குழுவின் இளைஞர் ஒருவரே கேட்டார். முன்னால் பூஜ்யம் இல்லாவிட்டால் கணினியில் எழுத்தாக அடுக்கும்போது 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும், வரிசையில் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. கையால் எழுதும் ரசீதில் 38 என்று இருந்தால் முன்னால் ஒரு கோடு இழுத்து 138 ஆக்கிவிடலாம். 00038 என்பதில் சேர்க்க இடம் இல்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரசீதுகளே போடும் கோயிலுக்கு நான்கு இலக்கம் போதும்தான். கும்பாபிஷேகம் வரும் ஆண்டில் போதாமல் போகலாம் என்று ஐந்தாக வைத்தோம். நடுவில் இலக்கம் கூட்டுவது வரிசையைக் குலைத்துவிடும்.

ஆண்டுக்கும் எண்ணுக்கும் நடுவே சாய்கோட்டுக்குப் பதில் சிறு கோடு போட்டதும் யோசித்துச் செய்ததுதான். ரசீதின் பிரதியைக் கணினியில் அந்த எண்ணின் பெயரிலேயே சேமிக்கிறோம். கோப்பின் பெயரில் சாய்கோடு வரக் கூடாது.  

அடுத்து, ஒரே எண் இரண்டு பேருக்குப் போகாமல் இருப்பது எப்படி என்று சொல்ல வேண்டும். திருவிழா நாளில் இரண்டு மேசைகளில் ரசீது போடுகிறோம். ஆளுக்கு ஒரு மடிக்கணினியில் தனித்தனிப் பட்டியல் வைத்து, கடைசி எண்ணைப் பார்த்து அடுத்ததைத் தட்டினால் இருவரும் ஒரே நொடியில் 00413 போட்டுவிடுவார்கள். பழைய அச்சுப் பிழையே வேறு வடிவில் திரும்ப வரும். இப்போது எண்ணை யாரும் தட்டுவதில்லை. இரண்டு மேசைகளும் ஒரே நிரலில் இணைந்திருக்கின்றன. பெயர், தொகை, உபயம் எல்லாம் நிரப்பிச் சேமிக்கும் அந்தக் கணத்தில்தான் நிரல் அடுத்த எண்ணைக் கொடுக்கிறது. படிவத்தைத் திறக்கும்போதே எண் கொடுத்தால், பாதியில் மனம் மாறிப் போகிறவரால் ஒரு எண் வீணாகும், வரிசையில் காரணமில்லாத ஓட்டை விழும். கொடுத்த எண்ணை அழிக்கவோ மாற்றவோ எனக்குக்கூட அனுமதி இல்லை.

வீடு வீடாகப் போய் வசூலிப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் கையில் அச்சடித்த புத்தகம்தான் இருக்கும். அலுவலக எண்களில் 2001 முதல் 2100 வரை என்று ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தோம். அப்படிச் செய்தால் அலுவலக வரிசையில் அந்த இடம் எப்போதும் பாதி காலியாகவே கிடக்கும். காலியாக இருப்பது எழுதாத தாளா, காணாமல் போன தாளா என்று தெரியாது. அதனால் வசூலுக்குத் தனி வரிசை வைத்தோம். அந்தப் புத்தகங்களில் 2025-26-வ-00012 என்பதுபோல நடுவில் "வ" இருக்கும். அலுவலக வரிசை ஒன்று, வசூல் வரிசை ஒன்று. இரண்டும் தனித்தனியே ஓட்டை இல்லாமல் ஓட வேண்டும். புத்தகத்தை வாங்கிப் போகிறவர் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வாங்கினார் என்று பதிவேட்டில் கையெழுத்திடுவார். முன்னதை முழுதாகத் திருப்பிக் கொடுக்காமல் அடுத்த புத்தகம் கிடைக்காது. இதில் சிலருக்கு மனவருத்தம் இருக்கிறது என்று தெரியும். பல ஆண்டுகளாகக் கோயிலுக்காக வெயிலில் அலைந்தவர்கள் அவர்கள். கையெழுத்து கேட்பது அவர்களைச் சந்தேகப்பட்டு அல்ல. நாளைக்கு யாராவது ஒரு கேள்வி கேட்டால், அவர்கள் பெயருக்குக் காவலாக நிற்கப்போவது அந்தக் கையெழுத்துதான்.

அர்ச்சனைச் சீட்டுகள் இந்த முறைக்குள் வரவில்லை. அவற்றுக்குப் பழையபடி தனிப் புத்தகம். உண்டியலுக்கும் ரசீது இல்லை. அது எண்ணும் நாளில் சாட்சிகளோடு தனிப் பதிவாக ஏறுகிறது.

ரத்து பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உபயதாரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பேன். பெயர் தவறாக விழுந்தாலோ, 500 என்பது 5,000 என்று அச்சானாலோ, காசோலை திரும்பினாலோ அந்த ரசீது ரத்தாகும். திருத்தி எழுதுவது கிடையாது. ரத்தான எண் வேறு யாருக்கும் போகாது, சரியான விவரத்தோடு புதிய எண்ணில் புதிய ரசீது வரும். ரத்து செய்ய வேண்டுமானால் உங்கள் கையில் உள்ள மூல ரசீது எங்களிடம் திரும்பி வர வேண்டும். அதை நகலோடு சேர்த்துப் பின் குத்தி, "ரத்து" என்று குறுக்கே எழுதி, காரணமும் எழுதி, நானும் செயலாளரும் கையெழுத்திடுகிறோம். சித்ரா பௌர்ணமி அன்று ரத்தான மூன்றும் அப்படித்தான் இருக்கின்றன. காசோலை திரும்பியதில் மூலம் உடனே கைக்கு வராது. அப்போது வங்கியின் திருப்புச் சீட்டு அதன் இடத்தில் இருக்கும்.

மூல ரசீது வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துவது ஏன் என்றால், எண் வரிசை ஓட்டை இல்லாமல் இருந்தாலும் பணம் போக ஒரு வழி உண்டு. ஒருவரிடம் பணம் வாங்கி ரசீதும் கொடுத்துவிட்டு, அவர் போனபின் அதைக் கணினியில் ரத்து என்று போட்டால் எண் இருக்கும், தொகை இருக்காது, பணம் கைக்குப் போய்விடும். மூலம் இல்லாமல் ரத்து இல்லை என்ற விதி அந்த வழியை அடைக்கிறது. கைப்புத்தகத்தில் இன்னொரு வழி இருக்கிறது. மூலத்தில் 1,001 எழுதிவிட்டு, கார்பன் இல்லாமல் அடிக்கட்டையில் 101 என்று எழுதுவது. இதை எண் கண்டுபிடிக்காது. எண் சரியாக இருக்கும், நகல் சரியாக இருக்கும், பணமும் நகலோடு பொருந்தும். இதைக் கண்டுபிடிக்கக் கூடியவர் ஒருவர்தான், மூலத்தைக் கையில் வைத்திருக்கும் நீங்கள்.

அதற்காகவே ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் முந்தைய மாதத்தின் பட்டியலைக் கொடிமரத்துக்கு எதிரே உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். பெயர்கள் இருக்காது. கொடுத்தது வெளியே தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு, அதை மதிக்கிறோம். எண்ணும், தேதியும், தொகையும் மட்டும் இருக்கும். மாதத்தின் முதல் எண், கடைசி எண், ரத்தான எண்கள் அடியில் தனியாக இருக்கும். உங்கள் ரசீதை எடுத்துக்கொண்டு போய் 00412 எதிரே நீங்கள் கொடுத்த தொகைதான் இருக்கிறதா, அது ரத்துப் பட்டியலில் இல்லையா என்று ஒரு முறை பாருங்கள். வித்தியாசம் இருந்தால் என்னிடமோ, செயலாளரிடமோ, குழுவில் உங்களுக்கு நெருக்கமான யாரிடமோ உடனே சொல்லுங்கள். மே மாதப் பட்டியல் ஜூன் முதல் வாரத்தில் வரும்.

ஆண்டு மாறும் நாட்களில் என்ன செய்வோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மார்ச் 31 அன்று இரவு ஒருவர் யூபிஐ வழியாகப் பணம் அனுப்பினார். ஏப்ரல் 1 வங்கிகளின் கணக்கு முடிக்கும் நாள். நாங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்தது ஏப்ரல் 2. அதற்குள் புதிய வரிசை தொடங்கி ஐந்தாறு ரசீதுகள் ஆகிவிட்டன. பணம் வந்த நாள்தான் ஆண்டைத் தீர்மானிக்கும், நாங்கள் பார்த்த நாள் அல்ல. அதனால் அவருக்குப் பழைய புத்தகத்தின் 1216-ஆம் தாளில், பணம் வந்த தேதி 31-03-2025, ரசீது எழுதிய தேதி 02-04-2025 என்று இரண்டையும் எழுதிக் கொடுத்தோம். பழைய முறையின் கடைசி ரசீது அதுதான். அதன்பின் மீந்த 784 தாள்களையும் குறுக்குக் கோடிட்டு, எண்ணி, குழுத் தீர்மானத்தில் பதிந்து, தணிக்கைக்காகக் கட்டி வைத்திருக்கிறோம். இரட்டித்த எண்களைப் பொறுத்தவரை, ரொக்கப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முதல் கட்டா, இரண்டாம் கட்டா என்று சிவப்பு மையில் குறித்து முடித்தோம். உங்கள் 1862 முதல் கட்டைச் சேர்ந்தது. இரண்டாம் கட்டு 1216-இலேயே நின்றுவிட்டதால், உங்கள் எண்ணுக்கு இரட்டை கிடையாது.

வரும் ஆண்டிலும் இப்படித்தான். 2026 ஏப்ரல் 1 அன்று 2026-27-00001 தொடங்கும். அதே சமயம் மார்ச் 31 வரை வங்கிக்கு வந்துவிட்ட பணத்துக்காக 2025-26 வரிசை ஏப்ரல் 10 வரை திறந்திருக்கும். அந்தப் பத்து நாளில் இரண்டு வரிசைகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒருவருக்கு 2025-26-இலும், அவருக்குப் பின்னால் நின்றவருக்கு 2026-27-இலும் ரசீது வந்தால் குழம்ப வேண்டாம். ஏப்ரலில் கையில் கொடுக்கும் ரொக்கம் எதுவானாலும் புதிய ஆண்டுக்குத்தான். "மார்ச் தேதி போட்டுக் கொடுங்கள்" என்று சிலர் அன்போடு கேட்பார்கள். அதை மட்டும் எங்களால் செய்ய முடியாது. காசோலைக்கு எங்கள் கையில் கொடுத்த நாளே கணக்கு. அது வசூலான பிறகே முழு வரவாகும் என்று ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறோம். ஏப்ரல் 10 மாலை பழைய வரிசையின் கடைசி எண்ணைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, தலைவரும் செயலாளரும் நானும் கையெழுத்திட்டு மூடுவோம். அதற்குப் பின் அந்த ஆண்டில் ஒரு எண்கூடச் சேராது. நல்ல ரசீதுகளையும் ரத்தானவற்றையும் கூட்டினால் அந்தக் கடைசி எண் வர வேண்டும். ஆண்டு முழுவதும் எத்தனை பேர் மாறி மாறி ரசீது போட்டாலும், ஆடிட்டர் முதலில் பார்க்கப்போவது இந்த ஒரு கூட்டலைத்தான்.

இனி எங்களிடம் ரசீது பற்றிப் பேசும்போது எண்ணை ஆண்டோடு முழுதாகச் சொல்லுங்கள். "நானூற்றுப் பன்னிரண்டு" என்று மட்டும் சொன்னால், இரண்டு ஆண்டு கழித்து எங்களிடம் புதிய அலுவலக வரிசையில் மட்டுமே மூன்று நானூற்றுப் பன்னிரண்டு இருக்கும். வசூல் ரசீதானால் "வ" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏப்ரலுக்கு முந்தைய ரசீதானால் தேதியையும் சொல்லுங்கள். பழைய எண்களில் தேதி இல்லாமல் எங்களால் சரியான கட்டைத் தேட முடியாது. உங்கள் பழைய ரசீதைப் புதிய எண்ணுக்கு மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. அப்படி மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொல்லி மூல ரசீதைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கோயில் அப்படி யாரையும் அனுப்பவில்லை.

இப்படிக்கு,
பொருளாளர்,
கோயில் நிர்வாகக் குழு